ஜிம்மிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது: தமிழில், மணிக்கணக்கோடு

அம்மா,

தம்பி அனுப்பின சீட்டுப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்து, புரியாத இரண்டு இடத்துக்கு மார்த்தாண்டம் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டேன். நல்ல மனுஷி, ராத்திரி எட்டரைக்கும் எடுத்துப் பேசினாங்க. அவங்க எழுதினது, போனில் சொன்னது எல்லாம் கீழே இருக்கு. நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து வாயால் சொன்னா பாதி காற்றோட போயிடும், அதான் எழுதுறேன். பாட்டிக்கும் ஒரு தடவை சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. மத்தியானம் அவங்கதான் பார்க்கணும்.

முதலில் சீட்டின் மேல் பகுதி. "பத்து வார நாய்க்குட்டி, ஆண், எடை 4 கிலோ. இரண்டு நாளாக வாந்தி, தண்ணியா வயித்துப்போக்கு. உடம்புச் சூடு 102 டிகிரி. பார்வோ சோதனையில் இல்லை என்று வந்திருக்கு. கண்டது தின்றதால் வந்த குடல் அழற்சியாக இருக்கலாம். தோலுக்கடியில் குளுக்கோஸ் தண்ணி ஏற்றினேன், வாந்திக்கும் கிருமிக்கும் ஊசி போட்டேன்."

102 டிகிரின்னதும் நீங்க பதறியிருப்பீங்க. மனுஷனுக்கு அது காய்ச்சல், நாய்க்கு இல்லை. 100.5 முதல் 102.5 வரை நாய்க்கு இயல்பான சூடுதான். பார்வோன்னா குட்டிகளின் உயிரையே எடுக்கிற குடல் வைரஸ் நோய், அது இல்லைன்னது பெரிய ஆறுதல். ஆனா அந்தச் சோதனை ஆரம்பத்தில் சில நேரம் தவறிப் போகுமாம். அதனால் மலத்தில் ரத்தம் கண்டா திரும்பச் சோதிக்கணும்னு டாக்டர் கோடு போட்டு எழுதியிருக்காங்க.

இன்னைக்கு ஊசி போட்டாச்சு, அதனால் ராத்திரி வாய் வழியா எந்த மருந்தும் இல்லை. ஒன்பது மணிக்கு மேல் வாந்தி இல்லைன்னா, ஒரு கரண்டித் தண்ணியை நக்க விடுங்க. கிண்ணம் நிறைய வைக்க வேண்டாம். மடமடன்னு குடிச்சு அப்படியே கக்கிடுவான்.

மருந்துக்கு வருவோம். சீட்டில் "பி.டி." என்று இருப்பது ஒரு நாளைக்கு இரண்டு தடவை. "ஓ.டி." ஒரு தடவை. கடைசியில் "எஸ்.ஓ.எஸ்." என்று இருக்கே, அதைத் தம்பி அபாயம்னு நினைச்சுப் பயந்துட்டான். தேவைப்பட்டா வாங்க என்றுதான் அர்த்தம்.

1. வாந்தி மருந்து, ஒண்டான்செட்ரான் சிரப். 2 மில்லி, காலையும் ராத்திரியும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாள் மட்டும். ஆக ஆறு வேளை, மொத்தம் 12 மில்லி.

2. கிருமி மருந்து, மெட்ரோனிடசோல். 1.5 மில்லி, காலையும் ராத்திரியும், சாப்பாட்டோடு. புதன் காலை தொடங்கி ஞாயிறு ராத்திரி வரை, பத்து வேளை, மொத்தம் 15 மில்லி. வயிறு வியாழக்கிழமையே சரியானாலும் நிறுத்தக் கூடாது.

இந்த ஒன்றரையில்தான் எனக்குப் பயம். சீட்டில் புள்ளி மங்கலா இருக்கு, 15 என்று படிச்சாலும் படிக்கலாம். அதான் டாக்டரிடம் கேட்டு உறுதி பண்ணினேன்: ஒன்று, அரை. பாட்டில் மேல் "5 மில்லியில் 200 மில்லிகிராம்" என்று இருக்கான்னு தம்பியைப் பார்க்கச் சொல்லுங்க. வேறு எண் இருந்தா அளவு மாறும், கொடுக்காம எனக்குச் சொல்லுங்க. இது மனுஷப் பிள்ளைகளுக்கு விற்கிற மருந்து, அதனால் கூட வருகிற காகிதத்தில் பிள்ளைகளுக்கான அளவு போட்டிருக்கும். அதைப் பார்க்கவே வேண்டாம். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சு வாங்கி, ஒன்றில் 1.5 கோட்டிலும் மற்றதில் 2 கோட்டிலும் நகப்பூச்சால் வட்டம் போட்டுடுங்க. பாட்டிக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும்.

மெட்ரோனிடசோலை நல்லாக் குலுக்கி எடுக்கணும். கசக்கும், நுரை நுரையா எச்சில் வடிப்பான், அது விஷம் ஏறினது இல்லை. தலையை மேலே தூக்கிப் பிடிச்சு ஊத்தினா மூச்சுக்குழலுக்குப் போயிடும். தலை நேரா இருக்க, கன்னத்து ஓரத்தில் சிரிஞ்சை வச்சு, அவன் விழுங்க விழுங்க சொட்டுச் சொட்டா விடுங்க. கொடுத்ததும் வாந்தி எடுத்தா இன்னொரு தடவை கொடுக்காம போன் பண்ணுங்க. ஒரு வேளை மறந்தா அடுத்த வேளைக்கு இரட்டிப்பா கொடுக்கக் கூடாது. நடை தள்ளாடினா, கண் துடிச்சா, அந்த மருந்தை நிறுத்திட்டு உடனே டாக்டரைக் கூப்பிடணும்.

3. குடலுக்கு நல்லது செய்கிற கிருமிகள் உள்ள பொடி, பாதி பாக்கெட், ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டில் கலந்து. ஐந்து நாள்.

4. ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர் ஆறின வெந்நீரில் கரைங்க. பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் கரைச்சா உப்பு கூடிடும். 10 மில்லி, மணிக்கொரு தடவை. மிச்சத்தை மறுநாள் காலையில் கொட்டிடுங்க.

சாப்பாட்டுக்கு டாக்டர் எழுதியிருக்கும் சொல்லுக்கு நம்ம வீட்டில் நல்ல வார்த்தை இருக்கு: பத்தியம். பச்சரிசியைக் குழைய வடிச்சு, தோலும் எலும்பும் நீக்கின கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணியில் வேகவைச்சுப் பிச்சுப் போட்டு, இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு கறி. உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். நம்ம சம்பா அரிசியில் நார் கூடுதல், இந்த வாரம் அது வேண்டாம்.

அப்பாவிடம் இதைக் கண்டிப்பா சொல்லுங்க: சாளைக் குழம்புச் சோறு, தேங்காய் அரைச்சது, மரச்சீனி, பால் எதுவும் கிடையாது. "ஒரு வாய் மீன்தானே"ன்னு அவங்க பாசத்தில் போட்டதில்தான் இது தொடங்கியிருக்கும்னு எனக்குச் சந்தேகம். குற்றம் சொல்லலை, தின்னக் கேட்கிற முகத்தை அவன் அப்படி வச்சிருக்கான். வெங்காயம், பூண்டு எப்பவுமே நாய்க்கு ஆகாது. காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரைன்னு மனுஷ மருந்து எதையும் நாமாக் கொடுக்கக் கூடாது.

அளவுக்கு டாக்டர் சொன்ன கணக்கு: 4 கிலோ குட்டி சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி வேணும். வளர்கிற குட்டிக்கு நல்ல உடம்பில் அதைப்போல மூன்று மடங்கு, 600. ஆனா புண்பட்ட குடலுக்கு எடுத்ததும் அவ்வளவு தாங்காது. நம்ம கலவையில் 100 கிராமுக்கு 140 கலோரி போல வரும். அதை வச்சு:

புதன்: 70 கிராம். ஆறா பங்கு வச்சா ஒன்று நெல்லிக்காய் அளவு.
வியாழன்: 140 கிராம், ஆறு பங்கு, சின்ன எலுமிச்சங்காய் அளவு.
வெள்ளி: 210 கிராம், ஐந்து பங்கு.
சனி: 280 கிராம், நாலு பங்கு.

பலசரக்குக் கடைத் தராசில் புதன்கிழமைக்கு மட்டும் ஒரு தடவை நிறுத்துப் பாருங்க, பொறவு கை பழகிடும். முந்தின நாள் வாந்தி இல்லாம, மலம் கொஞ்சம் கட்டியிருந்தாத்தான் அடுத்த அளவுக்கு ஏறணும். இல்லைன்னா அதே அளவில் நில்லுங்க. தின்ன மறுத்தா வாயில் திணிக்காதீங்க. ஞாயிறு முதல் நாலில் ஒரு பங்கு குட்டித் தீவனம் கலக்கலாம், அளவும் கூட்டிட்டே போகலாம். கோழியும் சோறும் மட்டும் நாள்கணக்கில் போனா வளர்கிற எலும்புக்குச் சுண்ணாம்பு போதாது.

கீழே உள்ளதைத் தம்பி பெரிய எழுத்தில் எழுதி அரிசிப் பானைக்கு மேலே ஒட்டட்டும். அப்பா ரப்பர் வெட்டுக்கு ஐந்து மணிக்கே போயிடுவாங்க, அதனால் அவங்க திரும்பி வரும் வரை காலை உங்க பொறுப்பு.

காலை 6.30: வாந்தி மருந்து 2 மில்லி (வெள்ளி வரை). அம்மா.
7.00: கிருமி மருந்து 1.5 மில்லி, முதல் சோற்று உருண்டை. அம்மா.
10.00: உருண்டை. வெட்டு முடிஞ்சு வந்த அப்பா, கை கழுவின பொறவு.
மத்தியானம் 1.00: உருண்டை, பொடி. பாட்டி.
4.00: உருண்டை. பாட்டி.
சாயங்காலம் 6.30: வாந்தி மருந்து 2 மில்லி (வெள்ளி வரை). தம்பி.
7.00: கிருமி மருந்து 1.5 மில்லி, உருண்டை. தம்பி.
ராத்திரி 10.00: கடைசி உருண்டை. தம்பி.
உருண்டை இல்லாத மணிகளில், 8 முதல் ராத்திரி 9 வரை: ஓ.ஆர்.எஸ். 10 மில்லி. வீட்டில் யார் இருக்காங்களோ அவங்க.

வெள்ளிக்கிழமை ஐந்து வேளையாகும்போது சாயங்காலம் 4 மணியை விட்டுடலாம். சனிக்கிழமை ராத்திரி 10 மணியும் வேண்டாம். ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பும் அவசரத்தில் 7 மணி மருந்தை மறந்துடாதீங்க.

இனி, எதைப் பார்த்தா காத்திருக்கக் கூடாது. டாக்டர் எழுதினதை "சோர்வு" என்று மொழிபெயர்த்தா போதாது, குட்டி எப்பவும் தூங்கத்தான் செய்யும். கூப்பிட்டா தலையே தூக்கலைன்னா, அதுதான். அப்புறம் ரத்தம், மருந்துக்குப் பிறகும் இரண்டு வாந்தி, எட்டு மணி நேரமா மூத்திரம் இல்லை, ஈறு வெளிறி ஒட்டுதல், பிடரித் தோலை இழுத்து விட்டா திரும்பாம நிற்கிறது. உடம்பு நடுங்கிக் கிறங்கினா சர்க்கரை குறைஞ்சிருக்கும், ஈறில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி தடவிட்டு ஆட்டோவைக் கூப்பிடுங்க. அந்தேரத்தில் எனக்குப் போன் வேண்டாம், டாக்டருக்குப் போடுங்க.

மழையா இருக்கு, திண்ணையில் கட்டாம உள்ளே காய்ஞ்ச சாக்கில் படுக்க விடுங்க. மலம் அள்ளின இடத்தை பிளீச்சிங் பவுடர் தண்ணியில் கழுவணும், கையைச் சோப்புப் போட்டு. தடுப்பூசி இன்னும் போடலை, குணமான பொறவுதான் போடுவாங்க. அதுவரை ரோட்டுக்கும் அடுத்த வீட்டு நாய்கிட்டயும் விட வேண்டாம். பூச்சி மருந்தும் இப்ப இல்லை. திங்கட்கிழமை திரும்பக் காட்டும்போது ஒரு சின்ன டப்பாவில் அன்னைக்குக் காலை மலம் கொண்டுபோகணும், சோதிச்சுட்டு எடைக்கேற்ப எழுதுவாங்களாம்.

பாட்டிலில் மருந்து மிஞ்சும். அடுத்த தடவைக்கு இருக்கட்டும்னு அலமாரியில் வைக்காதீங்க.

தம்பி ஒவ்வொரு வேளையும் தாளில் டிக் போட்டு, வாந்தி எத்தனை, மலம் எப்படின்னு பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதட்டும். நாளைக்குக் காலை ஏழரைக்கு எனக்கு முதல் படம் வரணும்.