விட்டுப்போன நான்கு மணி நேரம்

ஊரில் வீட்டுக்குத் தளம் போட வேண்டும் என்ற எண்ணம் வந்ததால்தான் ஏழுமலை தன் வைப்பு நிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தான். செங்கத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, தங்கவேல் என்ற ஏஜெண்ட் மூலம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராகச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கம்பெனியின் நேரடி ஆட்களுக்குச் சனிக்கிழமை தோறும் சம்பளம். ஏஜெண்டின் ஆட்களுக்கு மட்டும் மாதம் ஒரு முறை, ஒரு துண்டுச் சீட்டோடு.

உமங் செயலியில் திறந்த பாஸ்புக்கில் 2023 ஜூலை மாதத்துக்கு மூன்று தொகைகள் இருந்தன. தொழிலாளர் பங்கு 1,498 ரூபாய், நிறுவனப் பங்கு 458 ரூபாய், ஓய்வூதியத்துக்கு 1,040 ரூபாய். கூட்டினால் 2,996. அவன் அந்த எண்ணை இரண்டு முறை பார்த்தான். ஏனென்றால் அதே மாதச் சீட்டில் 'பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. வகை' என்று அவன் சம்பளத்திலிருந்து பிடித்திருந்தது 3,621 ரூபாய். கம்பெனி போட வேண்டிய பங்கையும் சேர்த்து வந்த தொகையை விடத் தன்னிடம் பிடித்தது அதிகமாக இருப்பது எப்படி என்பது அவனுக்கு விளங்கவில்லை.

அன்றிரவு 15 வேலம்பாளையம் என்ற பகுதியின் லைன் வீட்டில், உடன் தங்கியிருந்தவர்கள் உறங்கிய பிறகு, ஒரு பழைய நோட்டில் கணக்குப் போட உட்கார்ந்தான். ஷிப்டுக்கு 480 ரூபாய், இருபத்தாறு நாளுக்கு 12,480. அதில் பன்னிரண்டு விழுக்காடு 1,498. இது அவன் பங்கு, சரி. நிறுவனத்தின் பன்னிரண்டு விழுக்காடும் அதே 1,498. அதுதான் பாஸ்புக்கில் 458 ஆகவும் 1,040 ஆகவும் பிரிந்து கிடந்தது. மீதி 625 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் நேரம் பிடித்தது. ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி முக்கால் விழுக்காடும் நிறுவனம் மூன்றேகால் விழுக்காடும் கட்ட வேண்டும் என்று மருந்தகச் சுவரில் அவன் படித்திருந்தான். முக்கால் விழுக்காடு 94 ரூபாய், மூன்றேகால் விழுக்காடு 406 ரூபாய், ஆக 500. எஞ்சிய 125 ரூபாய், 12,480இல் சரியாக ஒரு விழுக்காடு. வைப்பு நிதியின் நிர்வாகச் செலவுக்கும் காப்பீட்டுக்கும் நிறுவனமே தன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை அது என்பது மறுநாள் தொழிற்சங்க அலுவலகத்தில் பெரியவர் சின்னச்சாமி சொல்லித்தான் தெரிந்தது.

"பைசா கூட விடாமப் போட்டிருக்காங்க தம்பி," என்றார் அவர், நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு. "கம்பெனிப் பங்கு அத்தனையும் உங்க தலையில. ஒங்களுக்குப் பிடிக்க வேண்டியது 1,592 ரூபாய்தானுங்க."

மாதம் 2,029 ரூபாய் அதிகம். தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாளில் 'சட்டப்படியான பிடித்தங்கள் அனைத்தும் தொழிலாளியைச் சாரும்' என்று ஒரு வரி இருப்பதை ஏழுமலை தயக்கத்தோடு காட்டினான். பெரியவர் அலமாரியிலிருந்து 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்தை எடுத்து நாற்பதாவது பிரிவைப் பிரித்துக் காட்டினார். எந்த ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடிக்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருந்தது. வைப்பு நிதித் திட்டத்திலும் இதே தடை உண்டு என்றார். தன் கையெழுத்துத் தன்னைக் கட்டிவிட்டது என்று நம்பியிருந்த ஒருவனுக்கு இதைக் கேட்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, வறுமையில் கையெழுத்துப் போட்டவர்களே அறிவார்கள்.

ஆனால் இவையெல்லாம் தாளில் எழுதப்பட்டிருந்தவை. எழுதப்படாத ஒன்றை ஏழுமலை தானாகத்தான் கண்டான். கம்பெனி வாசலில், நேர அலுவலகத்தின் பக்கத்துச் சுவரில், தொழிற்சாலைகள் சட்டத்தின் சுருக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கும். வெளிநாட்டு வாங்குவோரின் ஆடிட் வரும்போது துடைப்பார்கள். மற்ற நாட்களில் அதன் மீது பஞ்சுத் தூசி படிந்திருக்கும். மறுநாள் காலை அவன் விரலால் தூசியைத் துடைத்துவிட்டு வரி வரியாகப் படித்தான். நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கோ வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கோ மேல் வேலை வாங்கினால், அந்தக் கூடுதல் நேரத்துக்கு வழக்கமான கூலியைப் போல் இரு மடங்கு தர வேண்டும் என்று அதில் இருந்தது.

காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை, இடையில் சாப்பாட்டு நேரம் போக, எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு. ஆறு நாளில் நாற்பத்தெட்டு மணி அங்கேயே நிறைந்துவிடுகிறது. அதன் பிறகு இரவு ஒன்பதரை வரை அவன் மிதித்த நான்கு மணி நேரம் முழுவதும் கூடுதல் வேலை. அதற்கு ஏஜெண்ட் கொடுத்தது அரை ஷிப்டு, அதாவது 240 ரூபாய். கொடுத்திருக்க வேண்டியது 480. சீட்டில் 'ஊக்கத்தொகை 6,240' என்று இருந்ததன் பொருள் இப்போது புரிந்தது. கூடுதல் நேரம் என்று எழுதினால் இரு மடங்கு தர வேண்டும். அத்தனை மணி நேரம் வாங்கவும் சட்டத்தில் இடம் இல்லை. ஆகவே அந்த நேரமே ஒப்பந்தத் தாளில் இல்லை. ஜூலை மாதம் மட்டும் குறைந்தது 6,240 ரூபாய். பிடித்தத்தில் போன 2,029ஐயும் சேர்த்தால் 8,269. கூடுதல் கூலிக்கும் சில ரூபாய் ஈ.எஸ்.ஐ. போகும் என்றாலும், தளத்துக்கான கம்பியும் சிமெண்டும் எங்கே போயின என்று அவன் இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தங்கவேல் நோட்டைப் பார்த்துக் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

"உன்ர கணக்குச் சரிதான் தம்பி. அடுத்த மாசத்திலிருந்து உனக்கு மட்டும் அந்த 2,029ஐப் பிடிக்காம விட்டுடறேன். நைட்டுக் கணக்கைக் கிளப்பாதே. மத்தவங்ககிட்டயும் பேச வேண்டாம்."

"பழைய பதினாலு மாசத்துக்குண்ணா?"

"அதெல்லாம் முடிஞ்ச கதை."

ஏழுமலை உடனே மறுக்கவில்லை. மாதம் இரண்டாயிரம் என்பது அவனுக்குச் சின்னத் தொகை அல்ல. அம்மாவுக்கு அனுப்பும் பணத்தில் பாதி. காஜா மெஷினில் இருக்கும் கௌரியும் பேக்கிங்கில் இருக்கும் பையன்களும் அதே லைன் வீட்டில், அதே சீட்டோடு இருப்பதை எண்ணிப் பார்த்தான். தன் சீட்டில் மட்டும் வேறு தொகை இருந்தால் அதை எத்தனை மாதம் மறைக்க முடியும், மறைத்துக்கொண்டு அவர்களோடு எப்படிச் சாப்பிட உட்காருவது என்றும் யோசித்தான்.

"எல்லாருக்கும் எழுத்தில் கொடுங்கண்ணா. எனக்கு மட்டும் வேண்டாம்."

அந்த வாரம் இரவுகளில் அவன் மற்றவர்களின் சீட்டுகளை வாங்கிக் கணக்குப் போட்டான். ஷிப்டுக் கூலி ஆளுக்கு ஆள் மாறியது. விடப்பட்டது மட்டும் எல்லாரிடமும் ஒரே இடத்தில் இருந்தது. ஒப்பந்தக்காரர் குறைத்துக் கொடுத்தால் முதன்மை முதலாளியே மீதியைக் கொடுக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அப்போது சொன்னதால், மனுவைக் கம்பெனி மேலாளருக்கு எழுதினார்கள். நகலை ஏஜெண்டுக்கும் தொழிலாளர் துறைக்கும் வைத்தார்கள்.

மேலாளர் முதல் பக்கத்தை நின்றுகொண்டே படித்தார், இரண்டாம் பக்கத்துக்கு உட்கார்ந்தார். பிறகு தொலைபேசியில் தங்கவேலை வருகைப் பதிவேட்டோடு உடனே வரச் சொல்லிவிட்டு, ஏழுமலையைப் பார்த்துக் கேட்டார்.

"இது உங்க ஒருத்தருக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"பதினோரு பேருக்குங்க. எனக்குப் பதினாலு மாசம், கௌரிக்கு ஏழு மாசம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனித் தாள் பின்னால் வெச்சிருக்கோம். வாங்கிக்கிட்டதா இந்த நகல்ல ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."