கிளைக் கணக்கு: சரக்கிருப்பு முறை, இடாப்பு விலை, லோடிங் – விடையுடன் பயிற்சித் தாள்

பி.காம். மாணவர்களுக்கு. கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். கணக்கைப் படித்ததும் மற்ற வேலையெல்லாம் விட்டுவிட்டு லோடிங்கின் பின்னத்தை மூலையில் எழுதி வட்டமிடவும். அடக்கத்தின் மேல் 25% என்றால் அது இடாப்பு விலையில் 1/5. அடக்கத்தின் மேல் 33⅓% என்றால் 1/4. ‘இடாப்பு விலையில் 20%’ என்று கொடுத்திருந்தால் மாற்றவே வேண்டாம், அப்படியே 1/5. இந்த இடத்தில் வழுக்கினால் ஒரு பக்கம் முழுக்க அழகாகப் போட்டும் பலனில்லை.

கணக்கு 1

வேலூரில் தலைமைக் கடை, திருவண்ணாமலையில் கிளை. ஆம்பூரில் வாங்கும் தோல் செருப்புகளைக் கிளைக்கு அடக்கத்தோடு 25% சேர்த்து அனுப்புகிறார்கள். கிளையும் இடாப்பு விலைக்கே விற்கிறது. 31.3.2025 அன்று முடிந்த ஆண்டின் விவரம் (ரூபாயில்):

தொடக்கச் சரக்கிருப்பு, இடாப்பு விலையில் 60,000. தொடக்கக் கடனாளிகள் 24,000. கிளைக்கு அனுப்பிய சரக்கு, இடாப்பு விலையில் 3,00,000. கிளை திருப்பி அனுப்பியது, இடாப்பு விலையில் 10,000. ரொக்க விற்பனை 1,20,000. கடன் விற்பனை 1,80,000. கடனாளிகள் கிளைக்குத் திருப்பியது 6,000. கடனாளிகளிடம் வசூல் 1,65,000. தள்ளுபடி 2,000. வாராக்கடன் 1,000. வாடகை, சம்பளம், சில்லறைச் செலவு மொத்தம் 30,000.

கண்ணமங்கலம் அருகே லாரியில் தார்ப்பாய் கிழிந்து மழையில் நனைந்து வீணான பெட்டிகளின் இடாப்பு விலை 5,000. காப்பீட்டில் கிடைத்தது 2,500. ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தபோது இருந்த சரக்கு, இடாப்பு விலையில் 50,000. எண்ணியதில் வந்த குறைவு சாதாரண நட்டம்.

சரக்கிருப்பு முறையில் தேவையான பேரேட்டுக் கணக்குகளைத் தயாரிக்கவும்.

விடை

கிளைச் சரக்கிருப்பு க/கு (முழுக்க இடாப்பு விலையில்)

| பற்று | ரூ. | வரவு | ரூ. |
|---|---|---|---|
| தொடக்க இருப்பு | 60,000 | ரொக்க விற்பனை | 1,20,000 |
| அனுப்பிய சரக்கு | 3,00,000 | கடன் விற்பனை | 1,80,000 |
| கடனாளிகள் திருப்பியது | 6,000 | தலைமைக்குத் திருப்பியது | 10,000 |
| | | மழையில் வீணானது | 5,000 |
| | | குறைவு | 1,000 |
| | | இறுதி இருப்பு | 50,000 |
| | 3,66,000 | | 3,66,000 |

குறைவு 1,000 என்பது கணக்கில் எங்கும் கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்கவும். பற்றுப் பக்க மொத்தத்திலிருந்து மற்றதையெல்லாம் கழித்தால் வருவது 51,000. கையில் இருப்பது 50,000. தலைமைக் கடை இடாப்பு விலையில் அனுப்புவதற்கு ஒரு காரணமே இதுதான்: கிளைக்குப் போன சரக்கில் எவ்வளவு விற்பனையாக வந்தது, எவ்வளவு காணாமல் போனது என்பது வேலூரிலேயே தெரிந்துவிடும். செருப்புக் கடைக்காரர்களைக் கேட்டால், ஷோகேஸில் வைத்த ஒற்றைக் காலுக்கு ஜோடி கிடைக்காமல் போவதை ஒரு கதையாகவே சொல்வார்கள். இன்னொரு காரணம், அடக்க விலை எவ்வளவு என்பது கிளையில் இருப்பவருக்குத் தெரியாது.

கிளைக் கடனாளிகள் க/கு: 24,000 + 1,80,000 − 6,000 − 1,65,000 − 2,000 − 1,000 = 30,000 இறுதி இருப்பு. இதில் சொல்ல வேறொன்றுமில்லை.

கிளைக்கு அனுப்பிய சரக்கு க/கு: வரவில் 3,00,000. பற்றில் கிளை திருப்பியது 10,000, கிளைச் சரிக்கட்டலுக்குப் போகும் லோடிங் 58,000 (60,000 − 2,000). மிச்சம் 2,32,000 தலைமைக் கடையின் வியாபாரக் கணக்குக்கு மாறும். சரிபார்க்க: 2,90,000-இல் 4/5 = 2,32,000.

கிளைச் சரிக்கட்டல் க/கு

| பற்று | ரூ. | வரவு | ரூ. |
|---|---|---|---|
| இறுதி இருப்பின் லோடிங் | 10,000 | தொடக்க இருப்பின் லோடிங் | 12,000 |
| மழை நட்டத்தின் லோடிங் | 1,000 | அனுப்பிய சரக்கின் லோடிங் (நிகரம்) | 58,000 |
| சாதாரணக் குறைவு | 1,000 | | |
| மொத்த இலாபம் | 58,000 | | |
| | 70,000 | | 70,000 |

மழையில் போனது அசாதாரண நட்டம். அதனால் 5,000-ஐ உடைக்க வேண்டும்: லோடிங் 1,000 இங்கே, அடக்கம் 4,000 கிளை இலாப நட்டக் கணக்கில். எண்ணியதில் வந்த குறைவு சாதாரணம் என்று கணக்கே சொல்லிவிட்டதால் 1,000-ஐயும் உடைக்காமல் முழுக்க இங்கே விழ வைக்கிறோம். சில ஆசிரியர்கள் இதையும் 200, 800 என்று பிரிப்பார்கள். அப்படிச் செய்தால் மொத்த இலாபம் 58,800 ஆகும், நிகர இலாபம் மாறாது. எந்த வழியானாலும் விடைத்தாளில் ஒரு வரி குறிப்பு எழுதிவிட்டால் திருத்துபவர் சந்தேகப்பட மாட்டார்.

கிளை இலாப நட்ட க/கு: மொத்த இலாபம் 58,000. கழிப்பது: செலவு 30,000, தள்ளுபடி 2,000, வாராக்கடன் 1,000, மழை நட்டம் 4,000 − 2,500 = 1,500. நிகர இலாபம் 23,500.

நம்பிக்கை இல்லையென்றால் அடக்கத்தில் போட்டுப் பார்க்கவும். தொடக்கம் 48,000 + அனுப்பியது 2,40,000 − திரும்பியது 8,000 − மழையில் போனது 4,000 − இறுதி 40,000 = 2,36,000. நிகர விற்பனை 2,94,000. வித்தியாசம் 58,000. தேர்வில் நேரம் மிஞ்சினால் இந்த ஒரு வரியைச் சோதனையாகப் போடுங்கள்.

(ஒரே மாநிலம், ஒரே பதிவெண் என்று வைத்துக்கொண்டதால் ஜிஎஸ்டி இங்கே வரவில்லை. கிளை சித்தூரில் இருந்தால் கதை வேறு.)

கணக்கு 2

ஆரணியில் பட்டுச் சேலை தலைமைக் கடை, வேலூரில் கிளை. அடக்கத்தின் மேல் 33⅓% சேர்த்து அனுப்புகிறார்கள். தொடக்க இருப்பு 80,000, அனுப்பியது 2,40,000, இறுதி இருப்பு 60,000 (மூன்றும் இடாப்பு விலையில்). ரொக்க விற்பனை 1,50,000, கடன் விற்பனை 1,40,000. முகூர்த்த சீசனில் சேலைகள் இடாப்பு விலைக்கு மேலேயே போயிருக்கின்றன. மொத்த இலாபம் எவ்வளவு?

விடை

சரக்கிருப்புக் கணக்கில் பற்று 3,20,000, வரவு 2,90,000 + 60,000 = 3,50,000. பற்றுப் பக்கம் 30,000 குறைகிறது. இது மிகை: இடாப்பு விலைக்கு மேல் விற்றதால் வந்த இலாபம். பற்றில் எழுதிக் கணக்கைச் சமன் செய்து, சரிக்கட்டல் கணக்கில் வரவு வைக்கவும். முழுத் தொகையும் இலாபம், இதில் லோடிங் எதுவும் கிடையாது. இந்த 30,000-ஐயும் நாலால் வகுப்பது வருடா வருடம் விடைத்தாளில் பார்க்கும் காட்சி.

சரிக்கட்டல்: 20,000 + 60,000 + 30,000 − 15,000 = 95,000. அடக்கத்தில்: 2,90,000 − (60,000 + 1,80,000 − 45,000) = 95,000.

கணக்கு 3 (குறிப்பேட்டுப் பதிவு மட்டும், லோடிங் இடாப்பு விலையில் 20%)

அ) கிளையின் வாடிக்கையாளர் ஒருவர் 4,000 மதிப்புள்ள சரக்கை கிளைக்குக் கொண்டுபோகாமல் நேராகத் தலைமைக் கடையில் திருப்பித் தந்துவிட்டார்.

ஆ) தலைமை அனுப்பியது 90,000. மார்ச் 31 வரை கிளைக்கு வந்து சேர்ந்தது 81,000.

விடை

அ) சரக்கு கிளைக்குள் திரும்ப நுழையவே இல்லை. எனவே கிளைச் சரக்கிருப்பைத் தொட வேண்டாம்.
கிளைக்கு அனுப்பிய சரக்கு க/கு ப 4,000. கிளைக் கடனாளிகள் க/கு வ 4,000.
அதன் லோடிங்குக்கு: கிளைச் சரிக்கட்டல் க/கு ப 800, கிளைக்கு அனுப்பிய சரக்கு க/கு வ 800.

ஆ) வழியில் இருக்கும் சரக்கு 9,000. அனுப்பிய 90,000 முழுவதும் கிளைச் சரக்கிருப்பில் பற்று வைக்கப்பட்டிருந்தால்: வழிச் சரக்கு க/கு ப 9,000, கிளைச் சரக்கிருப்பு க/கு வ 9,000. பிறகு கிளைச் சரிக்கட்டல் க/கு ப 1,800. வழிச் சரக்கு ஒதுக்கு க/கு வ 1,800. இருப்புநிலைக் குறிப்பில் 9,000 − 1,800 = 7,200 என்று அடக்கத்தில் காட்டவும்.