ஊதிய உயர்வுக் கடிதம்

எண்: நிர்/ஊ.உ/14/2025-26
திருப்பூர், 16.05.2025

பெறுநர்:
திருமதி ம. கலைச்செல்வி
பணியாளர் எண் 0317
செக்கிங் பிரிவு, யூனிட் 2

பொருள்: 2024-25 பணி மதிப்பீட்டுக்குப் பிறகு சூப்பர்வைசராகப் பதவி உயர்வும், 01.05.2025 முதல் திருத்திய சம்பளமும் - தொடர்பாக

அன்புள்ள கலைச்செல்வி அவர்களுக்கு,

ஏப்ரல் 24-ஆம் தேதி உங்கள் பணி மதிப்பீட்டுக்காக உட்கார்ந்து பேசினோம். அன்று வாய்மொழியாகச் சொன்னதை இப்போது எழுத்தில் தருகிறேன். 01.05.2025 முதல் நீங்கள் யூனிட் 2 செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். உங்கள் மாதச் சம்பளம் 18,400 ரூபாயிலிருந்து 22,200 ரூபாயாக உயர்கிறது. கூடுவது 3,800 ரூபாய். இதில் 2,300 ரூபாய் இந்த ஆண்டு வேலைக்கான உயர்வு, அதாவது பழைய சம்பளத்தில் 12.5 சதவீதம். மீதி 1,500 ரூபாய் புதிய பொறுப்புக்கானது.

ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்க வரி அறிவிப்பு வந்தபோது, "இந்த வருஷம் இன்கிரிமென்ட் இருக்குமா சார்?" என்று செக்கிங் டேபிளில் பலர் கேட்டார்கள். நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்கும் அந்தக் கவலை இருந்திருக்கும். ஆர்டர் நிலவரம் எப்படியிருந்தாலும், செய்து முடித்த ஒரு வருட வேலைக்கு உரியதைத் தள்ளிப்போடக் கூடாது என்று பங்குதாரர்கள் எல்லோரும் சேர்ந்தே முடிவெடுத்தோம்.

உங்கள் மதிப்பீட்டில் நான் முதலில் எழுதியது கடந்த நவம்பரில் போன குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டரைப் பற்றித்தான். மொத்தம் 2,800 பீஸ். பேக்கிங் பாதி முடிந்துவிட்டது, மறுநாள் காலை இன்ஸ்பெக்‌ஷன். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. நீங்கள் மட்டும் மூன்று பீஸை எடுத்துக் குழாயடியில் அலசிப் பிழிந்து, கழுத்து ரிப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தீர்கள். தையலை ஒட்டி ஊசிமுனை அளவுக்கு வரிசையாக ஓட்டைகள். நீடில் கட். ஓவர்லாக் மிஷினில் முனை மழுங்கிய ஊசி ஓடியிருக்கிறது. துணி இழுபடும்போதுதான் அது வெளியே தெரியும், கடையில் வாங்கிய குழந்தை இரண்டு முறை போட்டுக் கழற்றினால் கழுத்து பிரிந்துவிடும். அன்று இரவு பெட்டிகளைத் திறக்கச் சொன்னது நீங்கள்தான். 212 பீஸ் தனியே வந்தது. மறுநாள் ஏக்யூஎல் 2.5 கணக்கில் 125 பீஸ் எடுத்துப் பார்த்தார்கள். ஏழு குறை வரை பாஸ், எட்டு வந்தால் ரிஜெக்ட். நமக்கு வந்தது இரண்டு. சரக்கு கப்பலிலேயே, குறித்த தேதியில் போனது. இல்லாவிட்டால் திரும்பத் தைத்து விமானத்தில் அனுப்பியிருக்க வேண்டும். அந்தச் செலவில் ஆர்டரின் லாபம் முழுவதும் போயிருக்கும்.

திருத்திக்கொள்ள வேண்டியதாகச் சொன்ன இரண்டையும் இங்கே குறிக்கிறேன். செக்கர்கள் விட்ட பிசிறையும் கறையையும் நீங்களே எடுத்துச் சரிசெய்துவிடுகிறீர்கள். அதனால் யார் விட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியாமல் போகிறது. இனி பீஸை அவர்கள் கையிலேயே கொடுத்துக் காட்டுங்கள். அப்புறம், குறை எண்ணிக்கை ரிப்போர்ட்டை மாலையில் மொத்தமாக எழுதாமல் மணிக்கு ஒருமுறை எழுதுங்கள். காலை பத்து மணிக்கு ஒரு மிஷினில் ஸ்கிப் ஸ்டிச் வருவது ஆறு மணிக்குத் தெரிந்து பயனில்லை.

சம்பள விவரம் கீழே. எல்லாம் மாதத்துக்கு, ரூபாயில்.

| விவரம் | 30.04.2025 வரை | 01.05.2025 முதல் |
|---|---|---|
| அடிப்படைச் சம்பளம் | 7,400 | 8,900 |
| பஞ்சப்படி | 6,900 | 7,100 |
| வீட்டு வாடகைப்படி | 3,300 | 3,900 |
| வருகைப்படி | 800 | 800 |
| பொறுப்புப்படி | - | 1,500 |
| மொத்தச் சம்பளம் | 18,400 | 22,200 |
| பிஎஃப் பிடித்தம் | 1,716 | 1,920 |
| இஎஸ்ஐ பிடித்தம் | 138 | 167 |
| கைக்கு வருவது | 16,546 | 20,113 |

கையில் கூடுதலாக வருவது மாதம் 3,567 ரூபாய். மே மாதச் சம்பளமே புதிய கணக்கில் ஜூன் 7-க்குள் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிவிடும், அதனால் அரியர் எதுவும் இல்லை. வருகைப்படிக்குப் பழைய விதியேதான்: மாதத்தில் இரண்டு நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால் அந்த மாதம் கிடைக்காது. மாநகராட்சியின் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை தனியே பிடிக்கப்படும், மேலே உள்ள கணக்கில் அது சேரவில்லை. வருமான வரி உங்களுக்கு வராது.

பிஎஃப்: அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து இப்போது 16,000 ரூபாய். 15,000 ரூபாய்க்கு மட்டும் கட்டினால் போதும் என்று சட்டம் இடம் தருகிறது. நாம் முழுத் தொகைக்கும் கட்டுகிறோம். உங்கள் பங்கு 12 சதவீதம், 1,920 ரூபாய். கம்பெனியும் அதே 1,920 போடும். அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்கும் 670 ரூபாய் பிஎஃப் கணக்குக்கும் போகும். பாஸ்புக்கில் கம்பெனி பங்கு குறைவாகத் தெரிகிறதே என்று போன வருடம் கேட்டீர்கள். காரணம் இந்தப் பிரிப்புதான், பணம் எங்கேயும் போகவில்லை.

இஎஸ்ஐ பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் பிரிவுகளில் சம்பளம் கூடும்போது மனசங்கடம் வருவது இந்த இடத்தில்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இஎஸ்ஐ கிடையாது. உங்கள் சம்பளம் இப்போது அந்த வரம்பைத் தாண்டுகிறது. ஆனால் உடனே நிற்காது. இஎஸ்ஐ சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. காலத்தின் நடுவில் சம்பளம் கூடினால், அந்தக் காலம் முடியும் வரை சந்தா தொடரும். எனவே 30.09.2025 வரை உங்களிடம் 0.75 சதவீதம் பிடிப்போம், கம்பெனி 3.25 சதவீதம் கட்டும். இந்தச் சந்தாவுக்கான பலன் காலம் 2026 ஜனவரி முதல் ஜூன் வரை. ஆகவே 30.06.2026 வரை உங்கள் கார்டில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் பார்க்கலாம். அக்டோபர் முதல் பிடித்தம் இல்லாததால் கைக்கு வருவது 20,280 ரூபாயாகும்.

அக்டோபர் முதல் கம்பெனிக்கும் மாதம் 722 ரூபாய் கட்ட வேண்டியிருக்காது. அதை நாங்கள் மிச்சம் பிடிக்கப் போவதில்லை. 01.10.2025 முதல் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு எடுக்கிறோம், பிரீமியம் முழுவதும் கம்பெனியுடையது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்து எடுக்கும் வைத்தியத்துக்குத்தான். இஎஸ்ஐ மருந்தகத்தில் உங்கள் அம்மா மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு இது ஆகாது. அடுத்த ஜூன் வரை பழையபடியே வாங்கலாம். அதற்குள் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள். அங்கே சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை இலவசம். பதியப் போக அரை நாள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சம்பளம் பிடிக்காமல் அனுப்புகிறோம்.

போனஸ் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். போனஸ் சட்டத்திலும் 21,000 என்ற வரம்பு இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். போனஸுக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டுமே கணக்கு. உங்களுக்கு அது 16,000. ஆகவே தீபாவளி போனஸ் எப்போதும்போல் உண்டு.

சூப்பர்வைசர் ஆனதால் ஓவர்டைம் நின்றுவிடாது. ஷிப்மென்ட் நெருக்கத்தில் கூடுதல் நேரம் இருக்க நேர்ந்தால் சட்டப்படி இரட்டிப்புக் கணக்கிலேயே தருவோம். பதவி உயர்வைக் காரணம் காட்டி யாராவது மறுத்தால் நேரே என்னிடம் வாருங்கள்.

பணிக்கொடையும் இதனால் கூடுகிறது. 04.06.2018 அன்று செக்கராகச் சேர்ந்தீர்கள், அடுத்த மாதம் ஏழு வருடம் நிறைகிறது. கடைசியாக வாங்கும் அடிப்படை, பஞ்சப்படியில் 26-இல் 15 பங்கு, பணியாற்றிய ஒவ்வொரு வருடத்துக்கும். பழைய சம்பளத்தில் அது வருடத்துக்கு 8,250 ரூபாய், இப்போது 9,230.77 ரூபாய். ஏழு வருடத்துக்கு 64,615 ரூபாய் வருகிறது. கழிந்துபோன வருடங்களுக்கும் புதிய சம்பளத்திலேயே கணக்கு என்பதைக் கவனியுங்கள்.

புதிய பொறுப்பில் யூனிட் 2-இன் பத்து செக்கர்களும் இரண்டு பிசிறு டேபிள்களும் உங்கள் கீழ் வருகின்றன. குறை இருக்கும் சரக்கை பேக்கிங்குக்கு விடாமல் நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. புரொடக்‌ஷன் மேனேஜர் சொன்னாலும், உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் டேப் ஒட்டப்படாது. இதை அவருக்கும் எழுத்தில் தெரிவித்திருக்கிறேன். முதல் ஆறு மாதம் பயிற்சிக் காலம் மாதிரி என்று பேசினோம். அதற்காகப் பொறுப்புப்படியைத் திரும்ப எடுத்துவிடுவோம் என்று நினைக்க வேண்டாம், அது சம்பளத்தின் நிலையான பகுதி. அடுத்த மதிப்பீடு 2026 ஏப்ரலில்.

வேலை நேரம், விடுப்பு, ஒரு மாத நோட்டீஸ், கம்பெனி வேன் எல்லாம் 04.06.2018 நியமன ஆணையில் உள்ளபடியே தொடரும்.

இந்தக் கடிதத்தின் இரண்டாவது பிரதியில் கையெழுத்திட்டு 23.05.2025-க்குள் அலுவலகத்தில் கொடுங்கள். கணக்கில் ஒரு ரூபாய் புரியாவிட்டாலும் கையெழுத்திடும் முன் கணக்குப் பிரிவில் மணிமேகலையிடம் கேளுங்கள். உங்கள் கையாலேயே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பரில் அந்த இரவு, பெட்டிகளைத் திறக்கச் சொல்ல நீங்கள் எவ்வளவு தயங்கினீர்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். தயக்கத்தை மீறிச் சொன்னதற்கு நன்றி. வாழ்த்துகள்.

அன்புடன்,
ரா. சென்னியப்பன்
நிர்வாகப் பங்குதாரர்

நகல்: கணக்குப் பிரிவு, பணியாளர் கோப்பு எண் 0317

பணியாளர் ஒப்புதல்:
மேற்கண்ட கடிதத்தைப் படித்து, சம்பள விவரங்களைப் புரிந்துகொண்டேன். 01.05.2025 முதல் சூப்பர்வைசர் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன்.
ம. கலைச்செல்வி, 19.05.2025