போர்ட் பிளேர் – ஹேவ்லாக் கப்பல் தாமதம் குறித்த புகார்

சேலம்,
18.03.2025

பெறுநர்:
மேலாளர், பயணிகள் சேவைப் பிரிவு,
போர்ட் பிளேர் அலுவலகம்.

ஐயா,

12.03.2025 அன்று காலை 8.30 மணிக் கப்பலில் ஹேவ்லாக் போக நானும் என் மனைவியும் 71 வயதான என் அம்மாவும் டிக்கெட் எடுத்திருந்தோம். கப்பல் கிளம்பியது மதியம் 2.20-க்கு. ஏறக்குறைய ஆறு மணி நேரம் காத்திருப்புக் கூடத்தில் அடைந்து கிடந்தோம்.

அம்மா சர்க்கரை நோயாளி. இன்சுலின் போட்டால் அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே வெளிக்கடையில் இட்லி வாங்கப் போனேன். "கப்பலிலேயே கேன்டீன் இருக்கு, பத்து நிமிஷத்தில் ஏறிடலாம்" என்றார் கவுண்டரில் இருந்த தமிழ்த் தம்பி. அதை நம்பி எட்டு மணிக்கு ஊசி போட்டோம். கூடத்தில் தண்ணீர்க் குழாய் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. வெளியே போகிறேன் என்றால், "போனால் திரும்ப விட மாட்டோம்" என்றார்கள்.

ஒன்பதரைக்கு அம்மாவின் சேலை முதுகுப்பக்கம் வேர்வையில் நனைந்துவிட்டது. கை நடுங்கியது, என்னையே யாரென்று தெரியாததுபோல் பார்த்தார். கையோடு கொண்டுபோன கருவியில் சர்க்கரை 54. பக்கத்தில் இருந்த வங்காளிக் குடும்பம் ஒரு டப்பா மாம்பழச் சாறு கொடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உங்கள் ஊழியர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நான் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் 22 வருடம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டி பழுதாகும், எனக்குத் தெரியும். 2024 டிசம்பர் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தபோது பஸ் நின்றது. அப்படிப்பட்ட நாளில் மைக்கில் நாலு வார்த்தை சொன்னால் ஜனம் வேறு வழி பார்த்துக்கொள்ளும். உங்கள் கூடத்திலும் ஒலிபெருக்கி இருந்தது. அது ஒரு முறைகூடப் பேசவில்லை. எஞ்சின் கோளாறா, காற்றா, அனுமதி வரவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

தாமதத்தை நான் குறை சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததைத்தான் சொல்கிறேன். தெரிந்த தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

மூன்று டிக்கெட்டுக்கு ரூ.4,350, ராதாநகர் கடற்கரைக்குப் பேசி வீணான காருக்கு ரூ.2,500, ஆக ரூ.6,850 திருப்பித் தர வேண்டும். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இனி ஒரு மணி நேரம் தாமதமானாலே அறிவிப்பும், கூடத்துக்குள் ஏதாவது சாப்பாடும் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். முதியவர்களும் கைக்குழந்தைகளும் அன்று நிறையப் பேர் இருந்தார்கள்.

டிக்கெட் நகலும் சர்க்கரை அளவின் படமும் இணைத்துள்ளேன். 15 நாளில் பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அதே சட்டம் இடம் தருகிறது.

இப்படிக்கு,
கு. தங்கவேல்,
சூரமங்கலம், சேலம்.