மூழ்கிய நிலைக்குத்து மதகுக் கதவு: நீர் தள்ளும் விசையும் அமுக்க மையமும்

(வெள்ளவத்தை ஞாயிறு வகுப்பு, பாய்பொருள் பொறியியல், நான்காம் பாடக்குறிப்பு)

சென்ற ஞாயிறு நாம் பார்க்கப் போன மதகை நினைத்துக்கொண்டு இந்தக் குறிப்பை வாசியுங்கள். கைச்சக்கரத்தைச் சுற்றிக்காட்டிய ஐயா, முதல் கால் சுற்றுக்குத் தன் முழு உடம்பையும் கொடுத்தார். அதன் பிறகு ஒரு கையாலேயே சுற்றினார். திருகுக் கோலில் கிறீஸ் புதிதாகப் பூசியிருந்தது, ஆகவே கடினம் அங்கே இல்லை. கடினம் கீழே, தவாளிப்புக்குள் இருந்தது. வாய்க்கால் நீர் கதவைத் தவாளிப்பின் முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு அழுத்தி, எந்த இடத்தில் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் கதவையும் செய்ய முடியாது, சக்கரத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது.

முதலில் விசை. கதவின் முகத்தில், நீர் மேற்பரப்பிலிருந்து y ஆழத்தில், dy தடிப்புள்ள ஒரு கிடைக் கீற்றை எடுங்கள். அந்தக் கீற்று முழுவதும் ஒரே ஆழத்தில் இருப்பதால் அதன் மீது அமுக்கமும் ஒன்றே: ρgy. வளிமண்டல அமுக்கத்தை நாம் சேர்க்கவில்லை, ஏனென்றால் அது கதவின் இரு பக்கமும் சமமாகத் தள்ளித் தானே நீங்கிவிடுகிறது. கீற்றுகள் எல்லாவற்றையும் கூட்டினால்:

F = ∫ ρ g y dA = ρ g h_c A

இங்கே A கதவின் பரப்பளவு, h_c கதவுப் பரப்பின் மையப்போலி இருக்கும் ஆழம். ∫ y dA என்பதே மையப்போலியின் வரைவிலக்கணத்தில் வரும் கோவைதான். அதனால்தான் மையப்போலியில் உள்ள அமுக்கத்தைப் பரப்பளவால் பெருக்கினால் மொத்த விசை சரியாகக் கிடைத்துவிடுகிறது.

இனி அந்த விசை தாக்கும் இடம், அதாவது அமுக்க மையம். நீர் மேற்பரப்பிலிருந்து அதன் ஆழத்தை h_p என்போம். மேலே உள்ள கீற்றுகளைவிடக் கீழே உள்ள கீற்றுகள் பலமாகத் தள்ளப்படுகின்றன. ஆகவே விளையுள் விசை மையப்போலி வழியே போக முடியாது, அதற்குக் கீழேதான் போகும். எவ்வளவு கீழே என்பதை அறிய, நீர் மேற்பரப்புக் கோட்டைப் பற்றித் திருப்பம் எடுக்கிறோம்:

F h_p = ∫ ρ g y² dA = ρ g I_O

I_O என்பது மேற்பரப்புக் கோட்டைப் பற்றிய பரப்பின் இரண்டாம் திருப்பம். மையப்போலி வழியே போகும் கிடை அச்சைப் பற்றிய இரண்டாம் திருப்பம் I_G என்றால், சமாந்தர அச்சுத் தேற்றத்தின்படி I_O = I_G + A h_c². பிரதியிட்டால்:

h_p = h_c + I_G / (A h_c)

அகலம் b, உயரம் h உள்ள செவ்வகக் கதவுக்கு I_G = b h³ / 12. அதனால் அமுக்க மையம் மையப்போலிக்குக் கீழே இறங்கும் தூரம் h² / (12 h_c) ஆகிவிடுகிறது. அகலம் b அதில் இல்லவே இல்லை. கதவை இரண்டு மடங்கு அகலமாக்கினால் விசை இரண்டு மடங்காகும், அது தாக்கும் ஆழம் மாறாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்திருப்பவர் விடைத்தாளில் பாதிப் பிழைகளைத் தவிர்த்துவிடுவார்.

இப்போது கணக்கு. அளவுகள் வகுப்புக்காக நான் எடுத்துக்கொண்டவை. நகரத்து வாய்க்கால் ஒன்று களனி கங்கையில் சேரும் இடத்தில் நிலைக்குத்தான செவ்வக உருக்குக் கதவு இருக்கிறது. அகலம் 2.0 மீற்றர், உயரம் 1.5 மீற்றர். கதவின் மேல் விளிம்பு வாய்க்கால் நீர் மேற்பரப்பிலிருந்து 1.2 மீற்றர் ஆழத்தில் உள்ளது. ஆற்றுப் பக்கம் இப்போதைக்கு வறண்டிருக்கிறது. கதவின் திணிவு 450 கிலோகிராம். தவாளிப்பில் உராய்வுக் குணகம் 0.3 எனக் கொள்வோம். ρ = 1000 kg/m³, g = 9.81 m/s².

h_c = 1.2 + 0.75 = 1.95 m
A = 2.0 × 1.5 = 3.0 m²
F = 1000 × 9.81 × 1.95 × 3.0 = 57 389 N ≈ 57.4 kN

ஏறக்குறைய ஆறு தொன் எடை, பக்கவாட்டில். ஐயா முதல் கால் சுற்றில் ஏன் அப்படி மூச்சு வாங்கினார் என்பது இங்கேயே புரியத் தொடங்குகிறது.

I_G = 2.0 × 1.5³ / 12 = 0.5625 m⁴
h_p = 1.95 + 0.5625 / (3.0 × 1.95) = 1.95 + 0.096 = 2.046 m

அதாவது அமுக்க மையம் கதவின் மேல் விளிம்பிலிருந்து 0.846 மீற்றர் கீழே, அடி விளிம்பிலிருந்து 0.654 மீற்றர் மேலே.

விடையை நம்பிவிடாதீர்கள், வேறு வழியில் சரிபாருங்கள். கதவின் மேல் அமுக்க வரைபடம் ஒரு சரிவகம். மேல் விளிம்பில் 11.77 kPa, அடியில் 26.49 kPa. அதை ஒரு செவ்வகமாகவும் ஒரு முக்கோணமாகவும் பிரியுங்கள். செவ்வகம் 11.772 × 3.0 = 35.32 kN, மேல் விளிம்பிலிருந்து 0.75 மீற்றரில். முக்கோணம் ½ × 14.715 × 3.0 = 22.07 kN, மேல் விளிம்பிலிருந்து 1.0 மீற்றரில். கூட்டினால் 57.39 kN. திருப்பங்கள் 26.49 + 22.07 = 48.56 kN m. வகுத்தால் 0.846 மீற்றர். இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. சூத்திரத்தைவிட இந்தச் சரிவக வழியே எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் நீர் என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

சென்ற தவணை விடைத்தாள்களில் திரும்பத் திரும்பக் கண்ட பிழைகள் இரண்டு. ஒன்று, விசையைக் கணிக்க h_p ஐப் பயன்படுத்துவது. அப்படிச் செய்தால் 9.81 × 2.046 × 3.0 = 60.2 kN என்று வரும், அது தவறு. விசையின் பருமனை மையப்போலியின் ஆழம் தருகிறது, அது தாக்கும் இடத்தை அமுக்க மையம் தருகிறது. இந்த இரண்டையும் குழப்பக் கூடாது. மற்றது, h_c ஐக் கதவின் மேல் விளிம்பிலிருந்து அளப்பது. 0.75 ஐ h_c எனப் போட்டால் அமுக்க மையம் மேல் விளிம்பிலிருந்து 0.75 + 0.25 = 1.0 மீற்றர் கீழே வரும். அது நீர் மேற்பரப்பு கதவின் மேல் விளிம்பைச் சரியாகத் தொட்டு நிற்கும்போது மட்டுமே உண்மை. நம் கதவோ மூழ்கிக் கிடக்கிறது. ஆழத்தை எப்போதும் நீர் மேற்பரப்பிலிருந்தே அளவிடுங்கள்.

மூழ்கும் ஆழம் கூடக் கூட அமுக்க மையம் மையப்போலியை நெருங்கும். நீர் மேல் விளிம்பு வரை மட்டும் நின்றால் இடைவெளி 250 மில்லிமீற்றர், நம் கணக்கில் 96, மையப்போலி 10 மீற்றர் ஆழத்தில் இருந்தால் வெறும் 19. ஆழமான நீர்த்தேக்கத்தில் அதைப் புறக்கணிக்கலாம். நமது வாய்க்கால்களில் முடியாது.

கதவை உயர்த்தத் தேவையான விசை: உராய்வு 0.3 × 57.39 = 17.22 kN, கதவின் எடை 450 × 9.81 = 4.41 kN, மொத்தம் 21.6 kN. மேலுதைப்பு இதைச் சிறிது குறைக்கும், ஆனால் காப்புப் பக்கமாக நிற்க அதை விட்டுவிடுகிறோம். ஐந்தில் நான்கு பங்கு உராய்வு என்பதைக் கவனியுங்கள். எடையைத் தூக்கவல்ல திருகு போதும் என்று நினைப்பவரின் கதவு, மழை நாளில் அசையவே அசையாது. அசைந்த பிறகு இலேசாவதற்கும் காரணம் உண்டு: அசையும் பரப்பின் உராய்வு அசையாப் பரப்பின் எல்லை உராய்வைவிடக் குறைவு.

அமுக்க மையத்தின் பயன் தாங்குமிடங்களில் தெரியும். கதவை மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் மட்டும் தாங்கினால், மேல் விளிம்பைப் பற்றித் திருப்பம் எடுங்கள். அடித் தாங்கி 48.56 / 1.5 = 32.4 kN, மேல் தாங்கி மீதி 25.0 kN. மையப்போலியில் விசை தாக்குகிறது என்று எண்ணிச் சரிபாதியாகப் பிரித்தவர் அடித் தாங்கிக்கு 28.7 kN மட்டுமே கொடுத்திருப்பார். அடியில்தான் இறப்பர் முத்திரையும் முதலில் தேயும் பகுதியும் இருக்கின்றன.

இனி ஆற்றுப் பக்கத்தில் நீரை விடுவோம். கதவின் அடி விளிம்புக்கு மேல் 0.9 மீற்றர் நீர் நிற்கட்டும். எதிர்த் திசையில் 9.81 × 0.45 × (2.0 × 0.9) = 7.95 kN, அடியிலிருந்து 0.3 மீற்றர் உயரத்தில். தேறிய விசை 49.44 kN. அடி விளிம்பைப் பற்றித் திருப்பம்:

57.39 × 0.654 − 7.95 × 0.3 = 35.14 kN m
35.14 / 49.44 = 0.711 m

விசை குறைந்தது, தாக்கும் இடமும் 57 மில்லிமீற்றர் மேலே ஏறிவிட்டது. எதிர் நீர் அடிப்பகுதியைத் தாங்குவதால் அது ஏறத்தான் வேண்டும்.

கொழும்பில் வாழும் நமக்கு முக்கியமான நிலை கடைசியாக வருகிறது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியதை உங்களில் பலர் வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்கள். அப்படி ஆறு உயரும்போது வாய்க்கால் வாயில் உள்ள கதவை மூட வேண்டும், இல்லாவிட்டால் ஆற்று நீர் நகருக்குள் திரும்பி ஓடும். வாய்க்கால் மட்டம் முன்போலவே அடி விளிம்புக்கு மேல் 2.7 மீற்றர், ஆற்று மட்டம் 3.1 மீற்றர் என்று கொள்ளுங்கள். கதவு இரு பக்கமும் முழுமையாக மூழ்கிவிட்டது. எந்த ஆழத்தில் பார்த்தாலும் இரு பக்க அமுக்கங்களின் வித்தியாசம் ஒன்றே: 1000 × 9.81 × 0.4 = 3.92 kPa. சீரான அமுக்கம் என்பதால் சரிவகம் செவ்வகமாகிவிடுகிறது. தேறிய விசை 3.924 × 3.0 = 11.8 kN. தாக்கும் இடம் மிகச் சரியாக மையப்போலி, அடியிலிருந்து 0.75 மீற்றர்.

ஆனால் திசை நகரை நோக்கி. எண் சிறியது என்று நிம்மதி அடையாதீர்கள். வாய்க்கால் நீர் கதவை ஆற்றுப் பக்க முகத்தில் அழுத்தி முத்திரையை இறுக்கியது. இப்போது ஆறு அதே கதவை முத்திரையிலிருந்து பிரித்துத் தள்ளுகிறது. ஒரு முகத்தில் மட்டும் இறப்பர் வைத்த கதவு, இந்த 11.8 kN இலேயே ஒழுகத் தொடங்கும். வாய்க்கால் வாய்க் கதவைக் கணிக்கும் எவரும் இரண்டு திசைகளுக்கும் கணிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறுக்கு: அதே கதவு, வாய்க்கால் நீர் மேல் விளிம்புக்கு மேல் 0.6 மீற்றர் மட்டும், ஆற்றுப் பக்கம் வறண்டது. விசை, அமுக்க மையம், அடித் தாங்கியின் எதிர்த்தாக்கம், உயர்த்தும் விசை நான்கையும் காணுங்கள். சரிவக வழியில் சரிபார்த்த பக்கத்தையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். விசை 39.7 kN, அமுக்க மையம் நீர் மேற்பரப்பிலிருந்து 1.489 மீற்றரில் வர வேண்டும்.