முன்அனுமதியின்றி எடுத்த தற்செயல் விடுப்புக்குப் பின்னேற்பு கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்
மு. கோகிலா,
பட்டதாரி ஆசிரியை (கணிதம்),
அரசு உயர்நிலைப் பள்ளி,
இராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
தலைமை ஆசிரியர் அவர்கள்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
இராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.

நாள்: 13.11.2025

ஐயா,

பொருள்: 10.11.2025 முதல் 12.11.2025 வரை எடுத்த தற்செயல் விடுப்புக்குப் பின்னேற்பு வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். என் தந்தையின் தாயார் கொல்லிமலையில் எங்கள் சொந்த ஊரில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை (09.11.2025) மாலை நான்கு மணிக்குச் சித்தப்பா கூப்பிட்டு, பாட்டிக்கு மூச்சுவாங்குகிறது, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ என்றார். திங்கள் காலை முதல் பாடவேளைக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். அதனால் அப்போது தங்களிடம் விடுப்பு கேட்கத் தேவை எழவில்லை. அன்று நள்ளிரவுக்குப் பின் பாட்டி இறந்துவிட்டார்கள்.

நான் மலையேறிய அதே இரவில் பலத்த காற்று. மின்கம்பியில் மரம் விழுந்து மின்சாரம் போனது. கைபேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். வழக்கமான நாளிலேயே எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் வராது. மிளகுத் தோட்டத்துக்கு மேலே உள்ள பாறையில் ஏறி நின்றால்தான் ஒரு கோடு, இரண்டு கோடு காட்டும். திங்கள் விடிந்ததும் அங்கே போய்ப் பார்த்தேன், அதுவும் இல்லை. களஞ்சியம் செயலி திறக்கவே இல்லை. பிறகு கிடைக்கும்போது போய்ச் சேரட்டும் என்று தங்களுக்கு வாட்ஸ்அப்பில் இதை எழுதி அனுப்பினேன்:

"ஐயா, பாட்டி இறந்துவிட்டார்கள். இன்று முதல் புதன் வரை தற்செயல் விடுப்பு வேண்டும். பத்தாம் வகுப்பு வடிவியல் பயிற்சித் தாள்கள் என் மேசையின் இடது இழுப்பறையில் உள்ளன."

அந்தச் செய்தி கடிகாரக் குறியோடு அப்படியே நின்றது. சடங்குச் சாமான் வாங்கச் செம்மேடு போன தம்பியிடம் தங்கள் எண்ணை எழுதிக் கொடுத்து, அங்கிருந்தாவது பேசச் சொன்னேன். அங்கும் லைன் கிடைக்கவில்லை என்று வந்து சொன்னான். புதன்கிழமை பால் தெளிப்பு முடிந்து இறங்கும்போது, காரவள்ளி அடிவாரத்தில்தான் கைபேசிக்கு உயிர் வந்தது. உடனே தங்களை அழைத்துப் பேசினேன். செய்தி எழுதிய நேரமும் தங்களுக்குப் போய்ச் சேர்ந்த நேரமும் தெரியும்படி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும், இறப்புக்கான ஊர்ச் சான்றையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

பாட்டியின் மூத்த பேத்தி நான். அப்பா இல்லாத வீட்டில் அவர் இடத்தில் நின்று செய்ய வேண்டிய காரியங்கள் சில இருந்தன. அடக்கம் முடிந்ததும் யாரையாவது கூட்டிக்கொண்டு கீழே இறங்கித் தகவல் சொல்லலாம் என்று பார்த்தேன். போக ஒரு வேளை, திரும்ப ஒரு வேளை. மூன்றாம் நாள் சடங்குக்கு முன்பு வீட்டை விட்டுப் போக முடியவில்லை.

நான் வராத மூன்று நாளும் பத்தாம் வகுப்பை அறிவியல் ஆசிரியை பார்த்துக்கொண்டார்கள் என்று அறிந்தேன். அவர்களுக்கு என் நன்றி. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிற நேரம் என்பதால், விடுபட்ட கணிதப் பாடவேளைகளை மாலைச் சிறப்பு வகுப்பில் சேர்த்து எடுத்து முடிக்கிறேன். அவர்களின் பாடவேளைகளில் தேவைப்படுவதையும் நான் எடுத்துத் தருகிறேன்.

இவ்வாண்டுக்குரிய 12 நாள் தற்செயல் விடுப்பில் ஐந்து நாள் மட்டுமே எடுத்துள்ளேன், ஏழு நாள் இருப்பில் உள்ளது. ஆகவே மேற்சொன்ன மூன்று நாள்களையும் தற்செயல் விடுப்பாகக் கருதிப் பின்னேற்பு வழங்கவும், வருகைப் பதிவேட்டில் அனுமதியின்றி வராமை என்றுள்ள குறிப்பை அதற்கேற்பத் திருத்தவும் தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். இத்தனை ஆண்டுப் பணியில் சொல்லாமல் நின்றவள் என்ற பதிவு என் பெயரில் இருந்ததில்லை. இந்த மூன்று நாளுக்கும் அப்படி ஒன்று நிற்கக்கூடாது என்பதே என் கோரிக்கை. செயலியில் எப்படிப் பதிய வேண்டும் என்று தாங்கள் அறிவுறுத்தினால் இன்றே பதிவு செய்துவிடுகிறேன்.

இன்னொன்று, ஐயா. மலையில் சொந்தம் உள்ளவர்கள் நம் பள்ளியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடிவாரத்தில் இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணை அலுவலகத்தில் தந்து வைத்தால், இதுபோன்ற நேரத்தில் பள்ளியிலிருந்து அவர்களைக் கேட்டாவது தெரிந்துகொள்ளலாம். சேந்தமங்கலத்தில் உள்ள என் மாமாவின் எண்ணை இன்று எழுத்தரிடம் கொடுத்துவிட்டேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. கோகிலா

இணைப்பு: வாட்ஸ்அப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், ஊர்ச் சான்று.