ஜூன் மாதப் புத்தகம்: அசோகமித்திரனின் ‘தண்ணீர்’

1 / 10

இந்த மாதம் வாசிப்பது
தண்ணீர்
நாவல், அசோகமித்திரன்

ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை
மாலை 5 மணி
நடேசன் பூங்கா, தியாகராய நகர்

சின்னப் புத்தகம். இரண்டு மாலைப் பொழுது போதும். “நேரமே இல்லை” என்ற பேச்சு இம்முறை எடுபடாது.

2 / 10

ஏன் இந்தப் புத்தகம்?

சென்ற மாதத்து எழுநூறு பக்கங்களை இன்னும் முடிக்காதவர்கள் நம் வாசகர் வட்டத்தில் பாதிப் பேர். அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் அதன் தலைப்போடு நின்றுவிடுகிறார்கள். “சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிய நாவல்தானே?” என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். பஞ்சம் இருக்கிறது, உண்மை. ஆனால் பஞ்சம் வந்தால் ஒரு தெருவில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசத் தொடங்குகிறார்கள், யார் யாரிடம் தாழ்ந்து போக வேண்டியிருக்கிறது, குடத்தைத் தூக்குவது யார், ஆண்கள் அப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம்தான் இந்தப் புத்தகம். அவற்றைப் பற்றிப் பேசத்தான் கூடுகிறோம்.

3 / 10

கதை (முடிவைச் சொல்லவில்லை)

ஜமுனாவும் சாயாவும் அக்கா தங்கை. சென்னையில் ஒரு வாடகை இடத்தில் சேர்ந்து வாழ்கிறார்கள். சாயா அலுவலகம் போகிறாள். அவள் கணவன் ராணுவத்தில். மகன் முரளி உறவினர் வீட்டில் வளர்கிறான். ஜமுனாவுக்குச் சினிமாவில் நுழைய ஆசை. அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு பாஸ்கர் ராவ் என்பவன் அவள் வாழ்க்கைக்குள் வந்துவிட்டான். வாய்ப்பு மட்டும் வருவதாக இல்லை.

இந்த ஏற்பாடு சாயாவுக்குப் பொறுக்கவில்லை. அக்காவை விட்டுவிட்டு விடுதிக்குப் போய்விடுகிறாள். தனியே நிற்கும் ஜமுனாவுக்குத் துணையென்று இருப்பவர் அக்கம்பக்கத்தில் வசிக்கும் டீச்சரம்மா. தன்னைவிட மிகவும் மூத்த, ஓயாமல் இருமும் கணவர், ஏச்சை நிறுத்தாத மாமியார், பள்ளிக்கூட வேலை, இதற்கு நடுவே தண்ணீர் பிடிக்கும் வேலை. இவ்வளவையும் சுமப்பவர்.

பின்னணியில் தெரு முழுக்கக் குடங்கள். குழாயில் வராது. வந்தால் நாற்றம். மாநகராட்சி சாலையைத் தோண்டும், மூடாது.

முன்னெச்சரிக்கை: நாவலில் தற்கொலை முயற்சி ஒன்று வருகிறது. அந்தப் பகுதியைப் பற்றிப் பேச விரும்பாதவர்கள் கூட்டத்தில் தயங்காமல் சொல்லுங்கள், கடந்து போய்விடலாம்.

4 / 10

எழுதியவர்

அசோகமித்திரன் (1931–2017). இயற்பெயர் ஜ. தியாகராஜன். பிறந்தது சிகந்தராபாத்தில். இளம் வயதில் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். அந்த அனுபவத்தை ஆங்கிலத்திலும் எழுதினார். அதில் ஒரு பகுதி சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு முன்பே அவருக்கு இவரைத் தெரிந்திருக்கும்.

சினிமா எப்படி இயங்குகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவர், தன் ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் அந்த உலகத்தையே களமாக்கினார். ‘தண்ணீர்’ நாவலில் நடப்பது வேறு. இங்கே சினிமா என்பது பெரும்பாலும் தெருவில் வந்து நிற்கும் ஒரு கார். அந்தக் காரிலிருந்து இறங்குகிறவனின் வாக்குறுதி.

1996இல் ‘அப்பாவின் சிநேகிதர்’ சிறுகதைத் தொகுப்புக்குச் சாகித்திய அகாதமி விருது. ‘தண்ணீர்’ கணையாழியில் தொடராக வந்து, 1973இல் நூலானது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். தமிழ் எழுத்து வாசிக்கத் தடுமாறும் நண்பர்கள் அதை வாசித்துவிட்டு வரலாம், ஆட்சேபம் இல்லை.

பூங்காவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. தியாகராய நகரில் வசித்த அசோகமித்திரன் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். அந்த மரங்களுக்குக் கீழே அவர் புத்தகத்தைப் பேசுவதில் எனக்கு ஒரு சின்ன ஆசை, அவ்வளவுதான்.

5 / 10

வாசிக்கும்போது கவனியுங்கள்

கதைசொல்லி எவரையும் பாராட்டுவதில்லை, திட்டுவதுமில்லை. பாஸ்கர் ராவைக் கூட “கயவன்” என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவன் நடந்துகொள்வதை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நமக்குத்தான் கை பரபரக்கும்.

உரையாடல்களில் பாதி, தண்ணீரைப் பற்றியே இருப்பதுபோலத் தோன்றும். “வருகிறதா?”, “எங்கே வருகிறது?” என்கிற மாதிரியான பேச்சு. அதற்கு அடியில் வேறொரு பேச்சு ஓடுகிறது. அது எது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

டீச்சரம்மா தன் கதையைச் சொல்லும் இடம் வரும். அங்கே மெதுவாக வாசியுங்கள். ஆறுதல் சொல்வதற்காக அவர் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணீர் வரவழைக்கும் முயற்சியும் இல்லை. நடந்ததைச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் ஜமுனாவுக்குள் ஏதோ இடம் மாறுகிறது. அது எந்த வரியில் நடக்கிறது என்று சுட்டிக்காட்டுகிறவருக்கு அன்றைய சுண்டலில் இரண்டாவது பொட்டலம்.

6 / 10

கொஞ்சம் பின்னணி

இளைய உறுப்பினர்களுக்காக. நாவலின் காலத்தில் மெட்ரோ வாட்டர் என்ற வாரியமே கிடையாது. அது 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதற்கு முன் குடிநீர் மாநகராட்சியின் பொறுப்பு. நாவலில் தெருவைத் தோண்டுகிறவர்கள் அவர்கள்தான்.

குழாயில் அழுத்தம் போதாததால் வீடுகளில் பிரதானக் குழாயோடு அடிபம்பைப் பொருத்தி உறிஞ்சினார்கள். ஒரு வீட்டில் பலமாக அடித்தால் பக்கத்து வீட்டில் காற்றுதான் வரும். குழாயில் தண்ணீர் வராமல் நின்றுபோன நேரத்தில் உள்ளே அழுத்தம் குறையும். அருகில் கழிவுநீர் கசிந்தால், விரிசல் வழியாக அது குடிநீர்க் குழாய்க்குள் இழுக்கப்படும். நாவலில் வரும் நாற்றத்துக்கு இப்படி ஒரு எளிய இயற்பியல் விளக்கம் உண்டு.

அதற்குப் பிறகு நகரத்துக்கு கிருஷ்ணா நீர் வந்தது, 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, வீராணம் நீர் 2004இல் வந்தது, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. அப்படியும் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

7 / 10

கேள்விகள்: முதல் சுற்று

சாயா வீட்டை விட்டுப் போனது சரியா? “அக்காவைக் கைவிட்டாள்” என்பவர்களும் “வேறு என்ன செய்வாள்” என்பவர்களும் எதிரெதிர் பக்கம் உட்காரலாம். நடுவில் உட்காருபவர்களுக்குப் பேச வாய்ப்பு கடைசியில்தான்.

ஜமுனாவின் சினிமா ஆசை உண்மையானதுதானா, அல்லது பாஸ்கர் ராவோடு இருப்பதற்குத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் காரணமா?

இந்த நாவலில் வேலைக்குப் போகும் பெண்கள் யார் யார்? சம்பளம் வாங்குவது அவர்களுக்கு எதையெல்லாம் தந்திருக்கிறது, எதைத் தரவில்லை? டீச்சரம்மாவையும் சாயாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தெருவில் ஒருவர் தண்ணீர் கொடுக்கிறார் என்றால் அது உதவியா, அதிகாரமா? ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு வாருங்கள். பொதுவாகப் பேச வேண்டாம், பக்க எண் வேண்டும்.

8 / 10

கேள்விகள்: சண்டை வரக்கூடிய ஒன்று

டீச்சரம்மா ஜமுனாவைக் காப்பாற்றுகிறாரா, அடங்கிப் போகக் கற்றுக்கொடுக்கிறாரா?

ஒரு தரப்பு இப்படிச் சொல்லும்: இவ்வளவு கொடுமையையும் தாங்கிக்கொண்டு மறுநாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் வலிமை. துயரத்தைப் பெரிதுபடுத்தாமல் வேலையைச் செய்கிறவர்களால்தான் தெருவே இயங்குகிறது.

மறு தரப்பு: அந்தப் பொறுமையால் லாபம் அடைந்தது யார்? அந்த மாமியார், அந்தக் கணவர், குழியை மூடாத மாநகராட்சி. பெண்ணின் சகிப்பை ஆண் எழுத்தாளர் அழகாக்கிக் காட்டுகிறார் என்று கூடச் சொல்லலாம்.

நான் இரண்டாவது தரப்போடு தொடங்கி, நாவலின் கடைசிப் பகுதியில் ஜமுனா எடுக்கும் முடிவைப் படித்தபோது முதல் தரப்பின் பக்கம் கொஞ்சம் நகர்ந்தேன். முழுக்க இல்லை. அவள் கற்றுக்கொண்டது பொறுமையை அல்ல என்று நினைக்கிறேன். தன் துன்பம் உலகிலேயே தனித்தது அல்ல என்று தெரிந்த பிறகு ஒருத்திக்குப் பயம் குறைகிறது. பயம் குறைந்தவளிடம் வாக்குறுதி செல்லாது. மறுப்பவர்கள் 28ஆம் தேதி மறுக்கலாம்.

9 / 10

ஒரே ஒரு விதி

முதல் ஒரு மணி நேரத்துக்கு “எங்கள் அபார்ட்மெண்டில் 2019இல் லாரித் தண்ணீர் வாங்கியபோது...” என்று யாரும் தொடங்கக் கூடாது. அந்தக் கதை நம் எல்லோரிடமும் இருக்கிறது. தொடங்கினால் ஜமுனாவுக்கு இடமே இருக்காது. ஆறு மணிக்கு மேல் தாராளமாகச் சொல்லலாம். அப்போதும் அந்த லாரிக்காக யார் காத்திருந்தார், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் வீட்டில் அந்த மாதம் தண்ணீர் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

10 / 10

வருகை விவரம்

ஜூன் 28, ஞாயிறு. மாலை 5 முதல் 7 வரை.

நடேசன் பூங்கா, வெங்கட்நாராயணா சாலை. வாயிலில் 4.50க்குக் கூடுவோம், பிறகு நிழல் கிடைக்கும் இடமாகப் பார்த்து உட்காருவோம். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். ஞாயிறு மாலை தியாகராய நகரில் வண்டி நிறுத்த இடம் தேடுவதைவிட அது சுலபம்.

மழை வந்தால் கூட்டம் அடுத்த ஞாயிறு, ஜூலை 5, அதே இடம், அதே நேரம். மழையை யாரும் சபிக்க வேண்டாம், படிக்கும் புத்தகத்துக்கு மரியாதை.

கட்டணம் இல்லை. சுண்டலுக்கு விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். விரிப்பும் தண்ணீர் பாட்டிலும் அவரவர் கொண்டு வர வேண்டும்.

புதியவர்கள் வரலாம். பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. முழுதும் படிக்காதவர்களும் வரலாம், ஆனால் முடிவைப் பற்றிப் பேசும்போது காதைப் பொத்திக்கொள்வது அவர்கள் பொறுப்பு. குழந்தைகளை அழைத்து வருகிறவர்கள், பேச்சு பெரியவர்களுக்கானது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் கடைகளில் கிடைக்கிறது. வாங்க முடியாதவர்கள் கன்னிமாரா நூலகத்திலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் தேடிப் பாருங்கள். வட்டத்தில் நான்கு பிரதிகள் சுற்றுக்கு இருக்கின்றன. வாங்கிச் செல்கிறவர் ஐந்து நாளில் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். பி.டி.எஃப். கேட்க வேண்டாம், அனுப்ப மாட்டோம்.

ஜூலை மாதத்துக்கு இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன: சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. கூட்டத்துக்கு வந்து கை தூக்குகிறவர்களுக்கு மட்டுமே வாக்கு.